சகால நம்பர் கையில இல்லன்னா உங்க மனு அந்த ஆபீஸுக்குள்ளயே வரலன்னு அர்த்தம்

பெங்களூர்ல மாநில அரசு ஆபீஸ் எதுக்குப் போனாலும் சுவத்துல ஒரு பெரிய போர்டு மாட்டியிருக்கும், மேல சகாலன்னு எழுதி கீழ கட்டம் கட்டி, என்ன வேலை, எத்தன நாள்ல முடிக்கணும், யார் முடிச்சுக் கொடுக்கணும், கொடுக்கலன்னா யார்கிட்ட அப்பீல் போகணும், அதுக்கும் மேல யாருன்னு வரிசையா இருக்கும். முழுக்க கன்னடத்துல இருக்கறதால நம்ம தமிழ் ஆளுங்க நிறைய பேர் அது பக்கம் திரும்பறதே இல்ல, நேரா கவுன்டருக்குப் போய் நின்னுடுவாங்க. அப்பா போனப்புறம் வீட்டு காத்தாவ அம்மா பேருக்கு மாத்தறதுக்கு நாங்க அலைஞ்சப்போ அந்த போர்டுல இருக்கற ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம்னு புரிஞ்சுது. அத இங்க எழுதி வைக்கறேன், யாருக்காவது ஆகும். எந்த ஆபீஸ், எந்த வார்டுன்னு சொல்லல, அது தேவையும் இல்ல, இதே மாதிரி எல்லா எடத்துலயும் நடக்குது.

வெளியூர்காரங்களுக்காக ஒரு வரி: காத்தான்னா மாநகராட்சியோட சொத்துவரி கணக்குல இந்த சொத்து யார் பேர்ல இருக்குங்கற பதிவு. அது பத்திரம் கிடையாது, ஆனா அது உங்க பேர்ல இல்லாம பேங்க் லோன், பிளான் அப்ரூவல்னு எதுவும் நகராது. வீட்டுக்காரர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்திக்கணும். இப்போ எல்லாம் இ-காத்தான்னு மாறிடுச்சு, எங்களுது அதுக்கு முன்னாடி நடந்தது, ஆனா நான் சொல்லப்போறது காத்தாவ பத்தி இல்ல, காலக்கெடுவ பத்தி. வருமானச் சான்று, ஜாதிச் சான்று, பிறப்புச் சான்று எல்லாத்துக்கும் இதே கதைதான்.

சகாலங்கறது வெறும் அறிவிப்பு இல்ல, சட்டம். கர்நாடகா 2011ல கொண்டுவந்து 2012 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. எந்தச் சேவைய எத்தன நாள்ல கொடுக்கணும்னு அட்டவணை போட்டு, தவறினா ஒரு நாளைக்கு 20 ரூபா, அதிகபட்சம் 500 ரூபா வரைக்கும் மனுதாரருக்குக் கொடுக்கணும், அத தவறின அலுவலர்கிட்ட இருந்தே வசூல் பண்ணணும்னு வச்சிருக்காங்க. இதுக்கு முன்னாடியும் ஆபீஸ்ல சிட்டிசன் சார்ட்டர்னு போர்டு இருந்துச்சு, 1997ல முதலமைச்சர்கள் மாநாட்டுல முடிவு பண்ணி அப்புறம் மத்திய, மாநில ஆபீஸ் எல்லாத்துலயும் எழுதினது. அதுல இத்தன நாள்ல முடிப்போம்னு இருக்கும், முடிக்கலன்னா என்னன்னு இருக்காது. சகால கொண்டுவந்த பெரிய மாத்தமே அந்த ரெண்டாவது பாதிதான்.

சரி எங்க கதைக்கு வரேன். அம்மாவும் நானும் எல்லா பேப்பரையும் எடுத்துக்கிட்டுப் போனோம், அப்பாவோட டெத் சர்டிபிகேட், குடும்ப வாரிசுகள வரிசையா காட்டற வம்சவிருட்சம், பழைய காத்தா, கிரயப் பத்திரம் ஜெராக்ஸ், வில்லங்கச் சான்று, அந்த வருஷம் வரைக்கும் வரி கட்டின ரசீது, எனக்கும் தங்கச்சிக்கும் ஆட்சேபணை இல்லன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல அபிடவிட். கவுன்டர்ல இருந்தவர் ஒண்ணொண்ணா புரட்டிப் பாத்துட்டு, ஜெராக்ஸ் முதல் பக்கத்துல இன்வர்டு சீல் ஒண்ணு குத்தி, அதுல பேனாவால ஒரு நம்பர் எழுதி, "வச்சிட்டுப் போங்கம்மா, ஆர்ஐ ஸ்பாட்டுக்கு வருவார், ஃபோன் பண்றோம்"னு அனுப்பிட்டார். ஆர்ஐன்னா ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அவர் வீட்டுக்கு வந்து பாத்து ரிப்போர்ட் போடணும், அப்புறம் ஃபைல் மேல போய் ஏஆர்ஓ, அதாவது உதவி வருவாய் அதிகாரி, கையெழுத்து போடணும். ஆர்ஐ வரவே இல்ல, ஃபோனும் வரல, நேர்ல போய் கேட்டா ஒரு தடவ ஃபைல பாக்கற கேஸ் ஒர்க்கர் லீவு, இன்னொரு தடவ ஃபைல் இங்க இல்ல அங்க இருக்குன்னு பதில். வெளிய ஜெராக்ஸ் கடைகிட்ட நிக்கற ஏஜென்ட்டுக்கு மட்டும் எங்க ஃபைல் எங்க இருக்குன்னு தெரிஞ்சுருந்துது, அதுதான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருந்தது.

எங்க சித்தப்பா ஒருத்தர் மாநில அரசு வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர், அவர்கிட்ட அந்த சீல் குத்தின பேப்பர காட்டினப்போ அவர் சொன்னது இதுதான்: "இது அவங்க நோட்டுல எழுதிக்கறதுக்கான நம்பர்ப்பா, இதுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. சகால நம்பர் எங்க? அது கம்ப்யூட்டர்ல ஏறினாதான் அவங்களுக்கு நாள் ஓட ஆரம்பிக்கும், அது வரைக்கும் உன் ஃபைல் சும்மா மேஜ மேல கிடக்கற காகிதம்."

இதுலதான் பாதி பேர் மாட்டறாங்கன்னு நான் நினைக்கறேன். சட்டப்படி மனு கொடுத்த உடனே நம்பர் போட்ட அக்னாலெட்ஜ்மென்ட் கொடுக்கணும், கெடு அந்தத் தேதியிலயே ஆரம்பிக்குது. அந்த நம்பர் 15 இலக்கம் இருக்கும், ஜிஎஸ்சி நம்பர்னு சொல்வாங்க, நம்ம மொபைலுக்கு எஸ்எம்எஸ் வரும், ரசீதுல எந்தத் தேதிக்குள்ள முடிக்கணும்னு அச்சாகியே இருக்கும். ஆபீஸ்காரங்களுக்கு வேலைய தள்ளிப்போட ரொம்ப சுலபமான வழி என்னன்னா, வேலைய லேட் பண்றது இல்ல, மனுவ கம்ப்யூட்டர்ல ஏத்தாம பேப்பரா வாங்கி வச்சுக்கறது. அப்படி வச்சுக்கிட்டா எல்லாத்தையும் விசாரிச்சு, பேச வேண்டியத பேசி, முடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்திக்கலாம், ரிக்கார்டுல பாத்தா ரெண்டே நாள்ல முடிச்ச மாதிரி தெரியும். மாவட்டம் மாவட்டமா ரேங்க் போடறாங்க இல்லையா, அந்தக் கணக்கு அழகா இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சித்தப்பா சொன்னார், நானும் அத நம்பறேன்.

அதனால அடுத்த தடவ கவுன்டர்ல போய் கன்னடத்துலயே கேட்டேன், "சார், சகால நம்பர் கொடி, ஸ்வீக்ருதி பத்ர பேக்கு." சகால நம்பர் கொடுங்க, மனு வாங்கின ரசீது வேணும்னு அர்த்தம். முதல்ல சர்வர் டவுன்னு சொன்னார். சரி நான் உக்காந்துக்கறேன் சார்னு உக்காந்துட்டேன், அம்மாவும் பக்கத்துல. அப்புறம் நாளைக்கு வாங்கன்னார். அப்படின்னா மனு வாங்கலன்னு இதுல எழுதிக் கொடுங்க சார், நான் மேல கொடுத்துக்கறேன்னு ஒரு வெள்ள பேப்பர நீட்டினேன், சத்தம் போடல, சண்ட போடல. கொஞ்ச நேரத்துல சர்வர் வந்துடுச்சு, ரசீது கைக்கு வந்துது, அதுல முப்பது நாள் கெடு. எஸ்எம்எஸ்ஸும் வந்துது. அம்மாவோட நம்பரையே கொடுத்துருந்தேன், இதையும் கவனிங்க, ஏஜென்ட் மூலமா போட்டா நிறைய எடத்துல அவங்க நம்பர கொடுத்துடறாங்க, மெசேஜ் எல்லாம் அவங்களுக்குப் போகும், உங்க மனு ரிஜெக்ட் ஆனதே உங்களுக்குத் தெரியாது.

நம்பர் வந்த வாரமே ஆர்ஐ வீட்டுக்கு வந்துட்டார், எலக்ட்ரிசிட்டி மீட்டர பாத்தார், நாலு பக்க எல்லைய பாத்தார், பத்து நிமிஷ வேலை. இவ்வளவு நாள் வராதவர் இப்போ வந்ததுக்கு வேற காரணமே இல்ல, கெடு ஓடுது, அவ்வளவுதான்.

ஆனா கெடு முடிய கொஞ்ச நாள் இருக்கும்போது கேஸ் ஒர்க்கர்கிட்ட இருந்து ஃபோன். "ஒரு டாக்குமென்ட் சரியில்ல, நீங்க இந்த மனுவ வாபஸ் வாங்கிட்டு புதுசா போடுங்க, நாங்க உடனே முடிச்சுக் கொடுத்துடறோம்." கேக்க ரொம்ப நல்லா இருக்கும், குரலும் அவ்வளவு அன்பா இருந்துது. வாபஸ் வாங்கினா என்ன ஆகும்னா பழைய நம்பர் க்ளோஸ் ஆயிடும், அவங்க மேல தாமதம்னு எதுவும் ஏறாது, புது நம்பருக்கு மறுபடியும் ஒண்ணுல இருந்து முப்பது. நான் வாபஸ் வாங்கல சார், என்ன டாக்குமென்ட்னு எழுத்துல கொடுங்க, கொண்டு வரேன்னு சொன்னேன். எழுத்துல எதுவும் வரல. கெடு முடியறதுக்கு முந்தின நாள் எஸ்எம்எஸ் வந்துது, உங்க மனு நிராகரிக்கப்பட்டதுன்னு. ஆன்லைன்ல ஸ்டேட்டஸ் பாத்தா காரணம்ங்கற எடத்துல டாக்குமென்ட் போதுமானதா இல்லன்னு ஒரே வரி, எந்த டாக்குமென்ட்னு இல்ல.

அம்மா அன்னிக்கு ஒடஞ்சே போயிட்டாங்க, ஏஜென்ட்கிட்டயே கொடுத்துடலாம் கண்ணான்னு சொன்னாங்க. ஆனா உண்மையில அந்த ஒரு வரி எங்களுக்கு நல்லதா போச்சு. ஏன்னா சட்டத்துல கெடுக்குள்ள சேவைய கொடுக்கணும், இல்ல காரணத்த எழுதி நிராகரிக்கணும்னு இருக்கு. காரணம்னா காரணமா இருக்கணும், போதுமானதா இல்லங்கறது காரணம் இல்ல. இழுத்தடிச்சுக்கிட்டே இருக்கறவர எங்கயும் பிடிக்க முடியாது, நிராகரிச்சு கையெழுத்து போட்டவர பிடிக்கலாம்.

நிராகரிச்ச தேதியில இருந்தோ கெடு முடிஞ்ச தேதியில இருந்தோ 30 நாளுக்குள்ள முதல் அப்பீல் போடணும். யார்கிட்டன்னா அந்த போர்டுல அப்பீலுக்கான கட்டத்துல இருக்கற சக்ஷம அதிகாரிகிட்ட, அதாவது முதல் அப்பீல கேக்கற அதிகாரிகிட்ட, அதே எடத்துல அவர் எத்தன நாள்ல முடிவு பண்ணணும்னும் போட்டிருக்கும். நான் போர்ட மொபைல்ல ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன். ஆன்லைன்லயும் போடலாம், நான் பேப்பர்லயும் கொடுத்து அதுக்கும் சீல் வாங்கினேன்.

அப்பீல்ல நான் எழுதினது மொத்தமே ஒரு பக்கம். சகால நம்பர், மனு கொடுத்த தேதி, கெடு தேதி, நிராகரிச்ச தேதி, நிராகரிப்புல இருந்த அந்த ஒரு வரி அப்படியே. அதுக்கு கீழ அவங்களோட செக்லிஸ்ட்ல என்னென்ன டாக்குமென்ட் கேக்கறாங்களோ அத வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் எதிர இது இணைக்கப்பட்டிருக்கு, இத்தனாவது பக்கம்னு போட்டேன். கடைசியா கேட்டது ரெண்டு: சேவைய கொடுக்க உத்தரவிடணும், சட்டப்படி உள்ள இழப்பீட்டத் தரணும். அலைஞ்சது, ஏஜென்ட், லஞ்சம் பத்தியெல்லாம் ஒரு வார்த்த கூட எழுதல. மனசுல நிறைய இருந்துச்சு, எழுதணும்னு துடிப்பும் இருந்துச்சு, ஆனா சித்தப்பா பேனாவ பிடிச்சுக்கிட்டே நின்னார். அந்த அதிகாரி முன்னாடி வைக்க வேண்டியது ஒரே கேள்விதான், எந்த டாக்குமென்ட் இல்ல? மத்தத எழுதினா அவங்க அதுக்கு பதில் சொல்லிட்டு இத விட்டுடுவாங்க.

விசாரணைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு ரூம், ஒரு மேஜ, அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் நாங்களும் கேஸ் ஒர்க்கரும். அதிகாரி ஃபைல புரட்டிட்டு கேஸ் ஒர்க்கர பாத்து "ஏனு இல்ல இதரல்லி?"ன்னு, அதாவது இதுல என்ன இல்லன்னு கேட்டார். அவர் அபிடவிட்ல ஏதோ நோட்டரி சீல் மங்கலா இருக்குன்னு ஆரம்பிச்சார். அதிகாரி அந்தப் பக்கத்த ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பாத்தார், சீல் படிக்கற மாதிரியே இருந்துது, கீழ வச்சுட்டு, "இத ஏன் ரிஜெக்ட் பண்ணப்போ எழுதல?"ன்னு மட்டும் கேட்டார். பதில் இல்ல. நிராகரிப்ப ரத்து பண்ணி மாத்திக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார், அந்த மாசமே அம்மா பேர்ல காத்தா வந்துது.

இழப்பீடு? அது வரல. அதிகாரி என்ன சொன்னார்னா, கெடுக்குள்ள மனு முடிச்சு வைக்கப்பட்டிருக்கு, நிராகரிப்பு தப்புதான், ஆனா தாமதம்னு கணக்கு இல்லன்னார். இது எனக்கு இன்னிக்கும் ஒத்துக்க முடியாத விஷயம். கெடுக்கு முந்தின நாள் காரணமே இல்லாம ரிஜெக்ட் பண்ணா சகால கணக்குல அது டிஸ்போஸ்டு, நேரத்துக்கு முடிச்ச வேலை. மக்கள் கையில ஒண்ணும் இல்ல, ஆனா ரிக்கார்டு சுத்தமா இருக்கு. சேவை கொடுத்து முடிச்சது தனி, நிராகரிச்சு முடிச்சது தனி, காரணமில்லாம நிராகரிச்சது அதுலயும் தனின்னு காட்டினாதான் அந்த ரேங்குக்கு மதிப்பு வரும்.

நேரடியா தாமதம் ஆன கேஸ் ஒண்ணு எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்துது, பையன் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று. அது வேற ஆபீஸ். நம்பர் இருந்துது, கெடு தாண்டி பதினோரு நாள் ஆச்சு, ஸ்டேட்டஸ்ல பெண்டிங்னே இருந்துது. அக்காவுக்கு எழுத வராது, சகால கால் சென்டருக்கு (080-44554455) ஃபோன் பண்ணி நம்பர சொன்னாங்க, அவங்களே அப்பீல பதிவு பண்ணிக்கிட்டாங்க. சான்று ரெண்டு நாள்ல கைக்கு வந்துடுச்சு. நான் அக்காகிட்ட சொன்னேன், 20 ரூபா கணக்குல 220 ரூபா உங்களுக்கு வரணும், கேளுங்கன்னு. அக்கா கேட்டாங்க, ஆபீஸ்ல கொஞ்சம் முணுமுணுத்தாங்க, ஆனா கொடுத்தாங்க.

220 ரூபாயில என்ன இருக்குன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பணத்துக்காக இல்ல. இழப்பீடு கொடுத்தா தவறு யாருடையதுன்னு எழுத்துல பதிவாகணும், அது அலுவலர் கையில இருந்து போகணும், அதனால அத தவிர்க்கறதுக்கே வேலை நடக்குது. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, கணக்கு போட்டுப் பாருங்க: நாளைக்கு 20, மொத்தம் 500ன்னா இருபத்தஞ்சாவது நாளோட முடிஞ்சுடுது. அதுக்கப்புறம் ஒரு வருஷம் இழுத்தாலும் அவருக்கு கூட ஒரு ரூபா செலவு இல்ல. அப்பீல் போட நமக்கு இருக்கறதும் 30 நாள்தான். அதாவது கெடு முடிஞ்சு முதல் மாசம்தான் உங்க கையில இருக்கற ஆயுதம் முழுசா வேலை செய்யற காலம். பாவம் அவங்களுக்கும் வேலை ஜாஸ்தி, இன்னும் கொஞ்சம் பாக்கலாம்னு அந்த மாசத்த விட்டுட்டா, அப்பீல் ஏன் லேட்டுன்னு நீங்கதான் காரணம் சொல்லிக்கிட்டு நிக்கணும். கெடு தேதிக்கு மறுநாள் மொபைல்ல அலாரம் வச்சுக்கோங்க. கெடு எண்ணும்போது போர்டுல வேலை நாள்னு போட்டிருக்கா, வெறும் நாள்னு போட்டிருக்கான்னும் பாத்துக்கோங்க, வேலை நாள்னா ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் கழியும், அவசரப்பட்டு முன்னாடியே அப்பீல் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க.

சகால கர்நாடக அரசு சேவைக்கு மட்டும்தான், அதுலயும் அட்டவணையில இருக்கற சேவைக்கு மட்டும்தான். பெங்களூர்ல மத்திய அரசு ஆபீஸ்ல மாட்டினவங்க இந்த நம்பர அங்க கேட்டு பிரயோஜனம் இல்ல. மத்திய அரசுக்கும் இதே மாதிரி ஒரு மசோதா 2011 டிசம்பர்ல லோக்சபாவுல வந்துது, 2014ல சபை கலைஞ்சப்போ காலாவதி ஆயிடுச்சு, அதனால அங்க இருக்கற சார்ட்டர் பெரும்பாலும் வாக்குறுதிதான். ஆனா அந்தந்த துறையோட விதியில தனியா பல் இருக்கலாம், அத தேடிப் பாருங்க. பிஎஃப் ஒரு நல்ல உதாரணம், முழு டாக்குமென்ட்டோட கொடுத்த க்ளெய்ம 20 நாள்ல தீர்க்கணும், போதுமான காரணம் இல்லாம தவறினா 12 சதவீத வட்டி, அதையும் கமிஷனர் சம்பளத்துல பிடிக்கலாம்னு 1952 பிஎஃப் திட்டத்துலயே எழுதியிருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தன் குறைதீர்ப்பு மனுவுல இந்த விதிய குறிப்பிட்டு, மனு கொடுத்த தேதியையும் இருபதாவது நாள் எதுங்கறதையும் எழுதி அனுப்பினான், நாலு மாசமா அண்டர் ப்ராசஸ்ல கிடந்த க்ளெய்ம் செட்டில் ஆச்சு. வட்டிய தனியா கேட்டு இப்போ இன்னொரு மனு போட்டிருக்கான், அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.